நீல டிக் விழுந்த பிறகு

ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி முடித்து, அவன் நம்பர் அவளுக்கும் அவள் நம்பர் அவனுக்கும் வந்தாயிற்று. இரவு 9.40க்கு அவன் கேட்கிறான்: "ஆடிட் முடிஞ்சுதா? இன்னிக்காவது நேரத்துக்கு வீட்டுக்குப் போனீங்களா?" அவள் படித்துவிட்டாள். உடனே எழுதினால் இதற்காகவே காத்திருந்ததுபோல் ஆகிவிடுமோ என்று போனைக் கவிழ்த்து வைக்கிறாள். "கொஞ்சம் பிகு பண்ணுடி" என்கிறாள் தோழி.

தோழியின் யோசனை பழையது. 1995இல் அமெரிக்காவில் வெளியான 'தி ரூல்ஸ்' என்ற புத்தகமும் பெண்களுக்கு இதையே சொன்னது: நீங்களாக அவனுக்குப் போன் செய்யாதீர்கள், அவன் செய்தாலும் அபூர்வமாகவே திருப்பிக் கூப்பிடுங்கள். அப்போது போனை எடுக்காவிட்டால் வெளியே போயிருப்பாள் என்று நினைக்க இடமிருந்தது. 2014இல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்ததும் அந்த மறைவு போயிற்று. டிக்கை அணைத்து வைக்கலாம்தான். ஆனால் நீங்கள் போடும் ஸ்டேட்டஸ் அவனுக்குத் தெரியுமே!

9.42க்கு நீல டிக். 10.15க்கு புது ஸ்டேட்டஸ். 11.30க்கு "ம், முடிஞ்சுது" என்று பதில். தாமதம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அவனை உறுத்துவது நடுவில் வந்த அந்த ஸ்டேட்டஸ். மறுநாள் மதியம்வரை அவள் வேலையில் மூழ்கியிருந்து, சாப்பாட்டு நேரத்தில் எழுதியிருந்தால் அவன் தப்பாக நினைத்திருக்க மாட்டான். ஆகவே செய்தி வந்த நேரத்திலிருந்து கணக்கு வேண்டாம். உங்களுக்குக் கை ஒழிந்த நேரத்திலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். கை ஒழிந்ததும் எழுதிவிடுங்கள்.

கேள்வியையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனீங்களா என்ற கேள்வி விடிந்தால் ஆறிப்போகும். "கல்யாணத்துக்கு அப்புறம் பெங்களூருக்கு மாற முடியுமா?" என்று கேட்டால் ஓர் இரவு எடுத்துக்கொள்வதே நியாயம். ஆனால் மௌனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு, சொன்னபடி நாளைக்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் வாரத்து வேகத்திலும் கவனம் வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு பதில் என்று தொடங்கிவிட்டு, அடுத்த வாரம் மூன்று மணி நேரம் பேச்சில்லாமல் இருந்தால், ஏதோ கோபம் என்றே எதிராளிக்குத் தோன்றும். மாதக் கடைசியிலும் உங்களால் எந்த வேகத்தில் எழுத முடியுமோ, அதே வேகத்தில் தொடங்குங்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போது பத்து நிமிஷத்தில் மூன்று கேள்விக்குறி அனுப்புகிறவரா அவர்? நிச்சயத்துக்கு முன்பே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விருப்பம் தெரிவது பதிலின் உள்ளேதான். "ம், முடிஞ்சுது" என்பது இரண்டே நிமிஷத்தில் வந்தாலும் கதவைச் சாத்துகிற பதில். "இப்பதான் வந்தேன், கால் வலி தாங்கல. நீங்க சாப்பிட்டாச்சா?" என்பது மறுநாள் காலையில் வந்தாலும் அவன் முகம் மலரும். திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.