பாட்டியின் முகத்துக்கு எத்தனை கட்டம்?

எண்பதாம் பிறந்தநாள் விழாக்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது போட்டோ மொசைக். தள்ளி நின்று பார்த்தால் பாட்டியின் முகம். கிட்டே போனால் அந்த முகம் முழுக்கக் குட்டிக் குட்டிக் குடும்பப் படங்கள். செய்து தரும் கடைகள் இருக்கின்றன. AndreaMosaic போன்ற இலவச மென்பொருளை வைத்து வீட்டுக் கணினியிலேயே செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இப்படிச் செய்தவற்றில் பல, இரண்டில் ஒரு விதத்தில் கெட்டுப்போகின்றன. பாட்டியின் முகம் தெளிவாக வந்து, உள்ளே இருக்கும் படங்கள் வெறும் நிறப்புள்ளிகளாகிவிடும். அல்லது உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் தெரிவார்கள், பாட்டியை மட்டும் காணோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கட்டத்தின் அளவு. அதை மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே தாளில் கணக்குப் போட்டு முடிவு செய்துவிட வேண்டும்.

கையில் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். படம் இரண்டடி அகலம், மூன்றடி உயரம். மாட்டப்போவது வீட்டு ஹாலில். எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் படத்துக்கும் இடையே பத்தடி. ஆல்பங்களிலிருந்தும் உறவினர்களின் போன்களிலிருந்தும் திரட்டியவை 600 படங்கள்.

ஒரு அங்குலச் சதுரக் கட்டம் என்று வைத்தால் குறுக்கே 24, நெடுக்கே 36, மொத்தம் 864. படங்களின் எண்ணிக்கைக்கு இது ஏறக்குறைய பொருந்துவதால் ஆசையாக இருக்கும். ஆனால் முகத்தை எண்ணிப் பாருங்கள். முகம் படத்தின் அகலத்தில் முக்கால் பங்கு என்றால், ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை 18 கட்டங்கள்தான். ஓவியம் கற்பவர்கள் முகத்தின் அகலத்தை ஐந்து கண்களின் அகலம் என்று பிரிப்பார்கள். அப்படியானால் பாட்டியின் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது மூன்றரைக் கட்டம். அதில் விழியும் வெள்ளையும் இமையும் வர வேண்டும். வராது.

அரை அங்குலமாக்கினால் குறுக்கே 48, நெடுக்கே 72. மொத்தம் 3,456 கட்டங்கள். முகத்துக்கு 36, கண்ணுக்கு ஏழு. பாட்டி வந்துவிடுவார். கால் அங்குலத்துக்குப் போனால் கட்டங்கள் 13,824 ஆகும். முகம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு குட்டிப் படமும் ஆறு மில்லிமீட்டர் அகலம்தான். பேரனைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

இதற்குப் பின்னால் இருக்கும் பார்வை ஆராய்ச்சி பழையது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த லியான் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றையும் ஒரே சாம்பல் நிறத்தால் நிரப்பி 1973-இல் வெளியிட்டார். கிட்டே பார்த்தால் சதுரங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் லிங்கன். சதுரங்களின் கூரான ஓரங்கள்தான் முகத்தை மறைக்கின்றன, மங்கலாக்கி அந்த ஓரங்களைக் கரைத்துவிட்டால் மூளை முகத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று அவரும் பேலா யூலெஸ்ஸும் காட்டினார்கள். தள்ளி நிற்பதும் அந்த ஓரங்களைக் கரைக்கும் வேலையைத்தான் செய்கிறது. 1990-களில் எம்.ஐ.டி. மாணவரான ராபர்ட் சில்வர்ஸ், சதுரங்களின் இடத்தில் முழுப் புகைப்படங்களையே வைத்து மொசைக் செய்தார். 1998-இல் வந்த ‘தி ட்ரூமன் ஷோ’ படத்தின் போஸ்டரில் ஜிம் கேரியின் முகம் இப்படி அமைந்ததுதான்.

ஹார்மனுக்குச் சில நூறு சதுரங்கள் போதுமானதாக இருந்தது, நமக்கு ஏன் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகிறது? அவருடைய சதுரம் ஒரே நிறம். நம்முடைய கட்டத்துக்குள்ளேயே ஒரு வெளிச்சம், ஒரு நிழல், ஒரு பட்டுப் புடவை எல்லாம் இருக்கின்றன. அந்தச் சலசலப்பு முழுவதையும் தாண்டி முகம் தெரிய வேண்டும். முகத்தின் அகலத்துக்கு முப்பதுக்குக் குறையாமல் கட்டங்கள் வைப்பதே பாதுகாப்பு என்பது என் கணிப்பு. பார்க்கும் தூரமும் கட்டத்தின் அளவைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு இருந்தால் நல்லது. அரை அங்குலத்துக்கு எட்டடி சொச்சம். நம் ஹாலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு அங்குலக் கட்டந்தான் வேண்டும் என்றால் படத்தை நான்கடிக்கு ஆறடி ஆக்கி, மண்டபத்தில் பதினேழு அடி தள்ளிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இடமில்லை.

இந்தக் கணக்கு சரியா என்று ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். பாட்டியின் படத்தை 48 பிக்சல் அகலம், 72 பிக்சல் உயரத்துக்குச் சுருக்குங்கள். பிறகு திரை முழுக்கப் பெரிதாக்கி, எழுந்து அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பிக்சல். அதில் பாட்டி தெரியாவிட்டால், எந்த மென்பொருளாலும் மொசைக்கில் அவரைக் கொண்டுவர முடியாது. தோள் வரை தெரியும் படத்தை விட்டு, முகத்தை நெருக்கி வெட்டிய படத்துக்கு மாறுங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்து மறுபக்கம் நிழல் உள்ள படம் இன்னும் நன்றாக வரும். நேர் பிளாஷ் அடித்து எடுத்த தட்டையான முகம் கரைந்து போகும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. மூலப் படத்துக்கு இவ்வளவு குறைந்த பிக்சல்களே தேவை என்பதால், ஐம்பது வருடத்துக்கு முந்தைய சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ படம்கூடப் போதும், வெளிச்சமும் நிழலும் சரியாக இருந்தால்.

எது வரும், எது வராது என்பதையும் இந்தச் சோதனையிலேயே கண்டுகொள்ளலாம். நெற்றிப் பொட்டு இரண்டு மூன்று கட்டங்களைப் பிடிக்கும், வரும். மூக்குத்தி ஒரு கட்டம்கூடத் தேறாது. மெல்லிய கண்ணாடி பிரேம் உடைந்து உடைந்து அழுக்குப் போலத் தெரியும். கண்ணாடி போடாத படம் இருந்தால் அதையே எடுங்கள். எல்லாவற்றையும்விட விழிகள்தான் முக்கியம். கருவிழி இரண்டு மூன்று கட்டங்கள்தான். அது கட்டக் கோட்டின் மேல் பாதிப் பாதியாக விழுந்தால் இரண்டு பக்கமும் சாம்பலாகிப் பார்வை செத்துப்போகும். மூலப் படத்தை அரைக் கட்டம் இடமோ வலமோ நகர்த்தி வெட்டினால் விழி கட்டத்துக்குள் சரியாக உட்காரும். இந்தச் சின்ன நகர்த்தலில் முகமே மாறுவதைப் பார்க்கலாம்.

இனி 600 படங்களுக்கு வருவோம். கட்டங்கள் 3,456 என்பதால் ஒவ்வொரு படமும் சராசரியாக ஆறு முறை வர வேண்டும். இதைக் குறைக்க வழி, படங்களை வெட்டுவது. பத்துப் பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோவை அரை அங்குலத்துக்குச் சுருக்கினால் ஒரு தலை ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். யாரென்று அவர்களுக்கே தெரியாது. அதையே இருவர் இருவராக வெட்டினால் ஐந்து படங்கள் கிடைக்கும், முகங்களும் பெரிதாகும். இப்படி வெட்டி 600-ஐ 1,100 ஆக்கினால் சராசரி மூன்று முறைக்கு இறங்கிவிடும். வெட்டும் வேலை அலுப்பானது, இரண்டு மாலைப் பொழுதுகளைத் தின்றுவிடும். ஆனால் மொசைக்கின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது என்பேன்.

எண்ணிக்கை கூட வேண்டும் என்று இடவலமாகத் திருப்பும் வசதியைத் தட்டிவிடாதீர்கள். முந்தானை வலது தோளுக்கு மாறிவிடும். வீட்டுப் பெண்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

சராசரி மூன்று என்றாலும் மென்பொருளை அதன் போக்கில் விட்டால், நிறம் பொருந்துகிறது என்று ஒரே படத்தை நாற்பது இடங்களில் வைத்து, இன்னொன்றைத் தொடாமலேயே விட்டுவிடும். ‘என் கல்யாணப் படம் எங்கே?’ என்று சித்தி கேட்கும்போது பதில் இருக்காது. ஆகவே ஒரு படம் அதிகபட்சம் எத்தனை முறை வரலாம், ஒரே படம் இரண்டாம் முறை வரும்போது எத்தனை கட்டம் தள்ளி வர வேண்டும் என்ற இரண்டையும் குறிப்பிட வேண்டும். உச்சவரம்பு மூன்று என்று வைத்தால் 1,100 படங்கள் 3,300 இடங்களைத்தான் நிரப்பும். கட்டங்கள் அதைவிட அதிகம். ஐந்து என்று வைத்தால் தேர்ந்தெடுக்கவும் இடம் இருக்கும்.

அதன் பிறகும் முகம் மங்கலாக இருந்தால் குறை பெரும்பாலும் நிறத்தில் இருக்கும். குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடுத்தர வெளிச்சம்: தோல் நிறம், மரக் கதவு, மண்டபத்தின் மஞ்சள் விளக்கு. கன்னத்துக்குப் படங்கள் குவிந்து கிடக்கும். விழிக்கு ஏற்ற கறுப்பும் நரைமுடிக்கு ஏற்ற வெள்ளையும் இருக்காது. இதற்குப் பாட்டியின் வீட்டையே படம் எடுத்துச் சேர்த்துவிடலாம். தோசைக்கல், இருட்டிய மாடிப்படி, அணைத்த டி.வி. எல்லாம் கறுப்புக்கு, மல்லிகைப் பந்து, தாத்தாவின் வேட்டி, சுண்ணாம்புச் சுவர், வாசல் கோலத்தின் மாவு எல்லாம் வெள்ளைக்கு. முப்பது நாற்பது படங்கள் போதும்.

கடைகள் பெரும்பாலும் இவ்வளவு தூரம் போவதில்லை. பாட்டியின் படத்தை லேசாக மொசைக்கின் மேல் படியவிட்டு நிறத்தைச் சரிக்கட்டிவிடுவார்கள். மென்பொருளிலும் இதற்குச் சதவீதம் உண்டு. 20 சதவீதம் வரை போனால் யாருக்கும் உறுத்தாது. 50-ஐத் தொட்டால் அது மொசைக்கே இல்லை; பாட்டியின் படத்துக்கு அடியில் மங்கலான வால்பேப்பர், அவ்வளவுதான். கடையில் கொடுக்கிறீர்கள் என்றால் இந்த எண்ணைக் கேளுங்கள். முதலில் பூஜ்யத்தில் வைத்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்; அதிலேயே முகம் பாதியாவது தெரிந்தால்தான் கட்டமும் படங்களும் சரி.

படங்களின் தரத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அரை அங்குலக் கட்டம் அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சானால் அதற்குத் தேவை 150 பிக்சல்தான். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்யவும் 300 டி.பி.ஐ. போதும், பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்துச் செய்தால் பளிச்சென்ற வெளிச்சத் திட்டுகள் வராது.

முழு அச்சுக்குப் பணம் கட்டும் முன், கண்களும் மூக்கும் வரும் பகுதியை மட்டும் நிஜ அளவில் ஒரு ஏ4 தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். கிட்டே நின்று பத்துப் பேரையாவது அடையாளம் சொல்ல முடிய வேண்டும். எதிர்ச் சுவரிலிருந்து பார்த்தால் அது பாட்டியின் பார்வையாக இருக்க வேண்டும். இரண்டும் தேறினால் மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். பளபளப்புத் தாளில் ட்யூப்லைட் பிரதிபலித்து, கிட்டே வந்து தேடுபவர்களுக்குக் கண் கூசும்.