61-வது ரெஸ்யூமே

இரவு 12.55-க்கு ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். 1.50-க்கெல்லாம் ‘வருந்துகிறோம்’ என்று பதில் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எந்த ஹெச்.ஆர். கண்விழித்து ரெஸ்யூமே படித்துக்கொண்டிருப்பார்? ஒர்க்டே என்ற மென்பொருள் நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் 2023 முதல் நடந்துவரும் வழக்கில், மனுதாரர் இந்த இரண்டு நேரங்களையும் குறிப்பிட்டிருக்கிறார். வேலை தேடுகிற எவரும் இதைப் படித்தால், ‘நம்மையும் மெஷின்தான் தள்ளியிருக்கிறது’ என்று முடிவுகட்டிவிடுவார்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு புள்ளிவிவரமும் துணை நிற்கிறது. ‘100 ரெஸ்யூமேயில் 75, மனிதக் கண்ணில் படாமலே குப்பைக்குப் போகின்றன’ என்பது பல வருடங்களாக வாட்ஸ்அப் வரை சுற்றிவரும் கணக்கு. தேடிப் போனால் அது பிரெப்டெல் என்ற அமெரிக்க நிறுவனத்தில் போய் முட்டுகிறது. ரெஸ்யூமேயை மென்பொருளுக்கு ஏற்றபடி திருத்தித் தருவதுதான் அதன் வியாபாரம். கணக்குக்கு ஆதாரமாக ஆய்வு எதையும் அது காட்டவில்லை. 2013-ல் கடையையும் மூடிவிட்டது. கணக்கு மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

ஏ.டி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த விண்ணப்ப மேலாண்மை மென்பொருள் உண்மையில் என்ன செய்கிறது? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ‘ரெக்ரூட்’ உட்பட, சந்தையில் இது பல பெயர்களில் கிடைக்கிறது. அடிப்படை வேலை ஒன்றுதான். ரெஸ்யூமேயைப் பிரித்துப் படித்து, பெயர், படிப்பு, அனுபவம், திறமை என்று கட்டங்களில் நிரப்பும். பிறகு வேலை அறிவிப்போடு ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண் போடும். மதிப்பெண் போடும் வசதியே இல்லாத மென்பொருள்களும் உண்டு. இருந்தும் அதைத் திரும்பிப் பார்க்காத ஹெச்.ஆர்.களும் உண்டு. அவர்கள் விண்ணப்பம் வந்த தேதியை வைத்தே அடுக்கிக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம். அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை என்று வைத்துக்கொள்வோம். டேலி தெரிய வேண்டும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். பார்த்திருக்க வேண்டும். 5 நாளில் 240 விண்ணப்பங்கள் குவிகின்றன. ஹெச்.ஆர். ஒருவர்தான், அவர் கையில் இன்னும் பல காலியிடங்கள் இருக்கின்றன.

டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். என்று பெயர் சொல்லி எழுதிய ஒருவருக்கு மென்பொருள் 86 போடுகிறது. அதே வேலையை 4 வருடம் செய்த இன்னொருவர், ‘கம்பெனியின் கணக்கு வேலை முழுவதையும் கவனித்தேன்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறார். அவருக்கு 54. பட்டியலில் 61-வது இடம்.

ஹெச்.ஆர். மேலிருந்து திறக்க ஆரம்பிக்கிறார். 35 ரெஸ்யூமே பார்ப்பதற்குள் போனில் பேசுவதற்கு 7 பேர் தேறிவிட்டார்கள். அங்கேயே நிறுத்திவிடுகிறார். அந்த 7 பேரில் ஒருவர் வேலையிலும் சேர்ந்துவிட்டால், மீதியை மொத்தமாகத் தேர்வுசெய்து ஒரே கிளிக்கில் ‘வருந்துகிறோம்’ கடிதம் அனுப்பிவிட்டு வேலையை முடித்துக்கொள்வார். 61-வது ஆளை மென்பொருள் நிராகரிக்கவில்லை. அவருடைய முறை வரவில்லை, அவ்வளவுதான்.

‘எப்படியானாலும் எனக்கு வேலை இல்லைதானே?’ என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த 7 பேரும் சம்பளம் அதிகம் கேட்டாலோ, 3 மாத நோட்டீஸ் பீரியட் என்றாலோ, ஹெச்.ஆர். மறுபடியும் அதே பட்டியலுக்குத்தான் வருவார். 36, 37 என்று இறங்குவார். 61-வது ரெஸ்யூமே அங்கேயே இருக்கும். திறந்தால் 4 வருட அனுபவம் கண்ணில் படும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமோ அந்தப் பட்டியலிலிருந்தே போய்விட்டிருக்கும்.

அப்படியானால் மெஷின் யாரையுமே தள்ளுவதில்லையா? தள்ளுகிறது. ஆனால் பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்து அல்ல. விண்ணப்பத்தோடு வரும் ஆம்–இல்லை கேள்விகளை வைத்து. ‘இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா?’, ‘நர்சிங் கவுன்சில் பதிவு உண்டா?’, ‘இரவு ஷிஃப்டுக்குச் சம்மதமா?’ போன்றவை. ‘இல்லை’ என்று பதில் வந்தால் உடனே நிராகரி என்று கம்பெனியே விதி போட்டு வைக்கலாம். அவசரத்தில் தவறான கட்டத்தைத் தொட்டவருக்கும் அதே கதிதான். அவர் ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

இந்த விதி எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு ஐட்யூட்டர்குரூப் வழக்கு சாட்சி. ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவில் ஆசிரியர்களை எடுத்த நிறுவனம் அது. 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60-ஐத் தொட்ட ஆண்களையும் அதன் மென்பொருள் தானாகவே நிராகரித்தது என்று, வேலைவாய்ப்புச் சமத்துவத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2022-ல் வழக்குப் போட்டது. விஷயம் வெளிவந்த விதம் சுவையானது. விண்ணப்பித்துத் தோற்ற ஒரு பெண், அதே விண்ணப்பத்தைப் பிறந்த தேதியை மட்டும் இளமையாக்கி மறுபடி அனுப்பினார். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது! நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2023-ல் 3,65,000 டாலர் கொடுத்துச் சமரசமானது. இங்கே தரவரிசைக்கு வேலையே இல்லை. புகாரின்படி, யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்த வயது வரம்பு அது.

தரவரிசைக்கும் நிராகரிப்புக்கும் நடுவே, ஃபில்டர் என்ற மங்கலான இடம் ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சரும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் 6 மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருப்பவர்களை ஃபில்டர் போட்டு ஒதுக்குவது தெரியவந்தது. பிரசவத்துக்காக வேலையை விட்ட பெண்ணும் அதில் அடிபடுவார். மதிப்பெண்ணும் இப்படி வடிகட்டியாக மாறலாம்: ‘70-க்குக் கீழே காட்டாதே’ என்று ஒரு ஹெச்.ஆர். கோடு போட்டுவிட்டால், 61-வது ஆள் திரையிலேயே வரமாட்டார். ஒர்க்டே வழக்கின் சாரமும் இதுதான். முடிவெடுப்பது எங்கள் வாடிக்கையாளர்கள், நாங்கள் அல்ல என்கிறது நிறுவனம். மென்பொருளின் பரிந்துரையே முடிவாகிவிடுகிறது என்கிறது எதிர்த்தரப்பு. வழக்கைத் தொடரலாம் என்று 2024-ல் நீதிமன்றம் அனுமதித்தது. அது குற்றம் நிரூபணமானதாக ஆகாது.

பதில் வந்த நேரத்தை வைத்து மட்டும் யார் தள்ளினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. தானாக நிராகரித்த கடிதத்தையும் 2 நாள் தாமதித்து அனுப்பும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. தவிர, நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டும்போது சென்னையில் காலை டீ முடிந்து வேலை சூடுபிடித்திருக்கும். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் குழுக்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கின்றன. ஆம்–இல்லை கேள்வியே இல்லாத விண்ணப்பத்துக்கு 3 வாரம் கழித்துப் பதில் வந்தால், அது பெரும்பாலும் காலியிடம் நிரம்பியபின் மொத்தமாக அனுப்பியது. ‘இல்லை’ என்று குறித்த சில நிமிடங்களில் வந்தால், விதியைச் சந்தேகிக்கலாம்.

61-வது ஆள் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. பல இணையதளங்களில் ரெஸ்யூமேயை ஏற்றியதும், மென்பொருள் படித்தெடுத்த விவரங்கள் கட்டங்களில் தெரியும். இரண்டு பத்தியாக அழகுபடுத்திய ரெஸ்யூமே என்றால் கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வருடம் வந்து நிற்கலாம். ஸ்கேன் செய்த படம் என்றால் கட்டங்கள் காலியாகவே கிடக்கலாம். ‘சப்மிட்’ அழுத்துவதற்கு முன் அதைக் கையாலேயே திருத்திக்கொள்ள முடியும்.