மிக்ஸி மோட்டார் எரிந்தால் எழுத வேண்டிய மின்னஞ்சல்

மிக்ஸிப் பெட்டியின் மேல் ‘மோட்டாருக்கு ஐந்து ஆண்டு வாரண்டி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் வாரண்டி கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்த வாரண்டி எப்போதெல்லாம் செல்லாது என்பது அங்கே பொடி எழுத்தில் இருக்கும். அளவுக்கு மீறி அரைத்தால், கரண்ட் ஏறி இறங்கினால், உள்ளே தண்ணீர் போனால், ஓட்டலுக்கோ மெஸ்ஸுக்கோ பயன்படுத்தினால், வெளி மெக்கானிக் பிரித்தால் செல்லாது. சில மாதங்களிலேயே மோட்டார் எரிந்துபோனவர் அனுப்பும் மின்னஞ்சல் இந்தப் பொடி எழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பலர் எழுதுவதோ கோபத்தை மட்டும்தான். ‘மட்டமான பொருள், உடனே புதுசு கொடுங்கள்’ என்ற கடிதத்தில் நிறுவனம் மறுக்க முடியாத தகவல் எதுவும் இல்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி 8 அன்று வாங்கிய 750 வாட் மிக்ஸி. ஜூன் 22 காலையில் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது கருகல் வாடை வந்து, புகை கிளம்பி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது பிளக்கைப் பிடுங்குவது. மறுபடி ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கவே கூடாது. தெருமுனை மெக்கானிக் ஒரே நாளில் காயில் கட்டித் தந்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் அவர் ஸ்க்ரூவைக் கழற்றினால் வாரண்டி கையைவிட்டுப் போய்விடும்.

பிறகு போட்டோக்கள். அடிப்பக்கத் தகட்டில் இருக்கும் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் படிக்கிற மாதிரி ஒன்று. பில் முழுவதும், கடையின் பெயரும் தேதியும் தெரிய ஒன்று. கப்ளர் சுழலும் மேல்பகுதி ஈரமோ கறையோ இல்லாமல் இருப்பது ஒன்று. அரைத்த பொருளோடு ஜார் ஒன்று. கடையில் தரும் பளபளப்புத் தாள் பில் சில மாதங்களில் வெளுத்துப்போகும் என்பதால், அதை வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது.

மின்னஞ்சலின் தலைப்பில் மாடல், சீரியல் எண், ‘வாரண்டிக் காலத்தில் மோட்டார் எரிந்தது’ என்ற மூன்றும் இருந்தால் போதும். உள்ளே இப்படி எழுதலாம்:

“ஐயா, மேற்கண்ட மிக்ஸியை 8.2.2025 அன்று வாங்கினேன். பில் இணைப்பு 1. 22.6.2025 காலை சட்னி ஜாரில் பாதி அளவுக்குத் தேங்காய், பொட்டுக்கடலை, தண்ணீர் போட்டு அரைத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் கருகல் வாடையும் புகையும் வந்து நின்றுவிட்டது. அடியில் உள்ள சிவப்பு பட்டன் வெளியே வரவில்லை. வீட்டுக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். யாரும் பிரிக்கவில்லை, இணைப்பு 2, 3, 4 பார்க்கவும். மோட்டாரைக் கட்டணமின்றி மாற்றித் தரவும், புகார் எண்ணைத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும்.”

சிவப்பு பட்டனைப் பற்றிய வரிதான் இதில் முக்கியமானது. மோட்டார் திணறும்போது கரண்ட் அதிகமாகும். அப்போது இந்த பட்டன் துள்ளி மிக்ஸியை நிறுத்திவிடும். ஆறிய பிறகு அழுத்தினால் மறுபடி ஓடும். அளவுக்கு மீறி அரைத்ததால் எரிந்தது என்று நிறுவனம் சொன்னால், அதைத் தடுக்க வைத்த பட்டன் ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இது முடிவான சாட்சி ஆகாது. காயிலுக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் பட்டன் துள்ளுவதற்கு முன்பே புகைந்துவிடக்கூடும். பாதி ஜார் சட்னிக்கு அப்படி நடந்திருந்தால், காயில் சுற்றியதிலேயே குறை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பட்டன் துள்ளியிருந்தாலும் நடந்ததை அப்படியே எழுதுங்கள். மஞ்சளையோ காய்ந்த அரிசியையோ நிறையப் போட்டு அரைத்திருந்தால் அதை மறைப்பதில் பயனில்லை. ஜாரும் கப்ளரும் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய மிக்ஸியை முதல் கடிதத்திலேயே கேட்பதும் சரிவராது. பெரும்பாலான வாரண்டி கார்டுகள் பழுதுபார்ப்பதைத்தான் உறுதியளிக்கின்றன. மாற்றிய மோட்டாரும் எரிந்தால் புதிய மிக்ஸி கேட்க வலுவான காரணம் கிடைக்கும்.

சர்வீஸ் சென்டரில் தரும் ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘வாடிக்கையாளர் தவறான பயன்பாடு’ என்று அதில் இருந்தால், ‘ஏற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். உங்கள் முன்னாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். காயில் முழுவதும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பெரும்பாலும் பாரம் காரணம். ஒரே இடத்தில் மட்டும் கருகி, மற்றவை செம்பு நிறம் மாறாமல் இருந்தால் அந்த இடத்தின் காப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். அதையும் படம் எடுங்கள்.

பதில் வரவில்லையென்றாலோ மறுத்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் சரிவராதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், போட்டோக்கள், அந்த மின்னஞ்சல், ஜாப் ஷீட் நகல் இவற்றைத்தான் புகாரோடு இணைக்க வேண்டியிருக்கும்.