நாலே பொருள், ஒரே வாக்கியம்

2021 செப்டம்பரில் ஒரு வாட்ஸ்அப் செய்தி தென்னிந்தியக் குடும்பக் குழுக்களில் சுற்றியது. பெங்களூரைச் சேர்ந்த ஐடி ஃப்ரெஷ் ஃபுட் நிறுவனம் விற்கும் இட்லி, தோசை மாவில், அளவு கூடுவதற்காக மாட்டு எலும்பையும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளையும் சேர்க்கிறார்கள் என்றது அந்தச் செய்தி. நிறுவனத்தில் வேலை செய்பவர்களின் மதத்தையும் அதோடு கோத்துவிட்டிருந்தார்கள். காலையில் அந்த மாவில் தோசை வார்த்துவிட்டு மத்தியானம் இதைப் படிக்கிற ஒரு சைவக் குடும்பத்துக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. எங்கள் மாவில் இருப்பது அரிசி, உளுந்து, தண்ணீர், வெந்தயம் மட்டுமே. எங்கள் எந்தப் பொருளிலும் விலங்கிலிருந்து எடுத்த எதுவும் இல்லை என்பது அதன் சாரம். ஐஎஸ்ஓ 22000 தரச் சான்று, இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் பற்றியும் அதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அறிக்கையைத் தூக்கி நிறுத்தியது அந்த நாலு பொருள்தான். மாவு அரைத்துப் பழகிய யாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். கிரைண்டரில் போடுவதும் அதையேதான். படிப்பவர் தன் சமையலறையிலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய உண்மைக்கு இருக்கும் பலம் ‘உலகத்தரம்’, ‘வாடிக்கையாளர் நலனே முக்கியம்’ போன்ற வாசகங்களுக்கு வராது. வதந்திக்குப் பதில் எழுதும் நிறுவனங்களில் பல, இந்த வாசகங்களிலேயே முக்கால் பக்கத்தை நிரப்பிவிடுகின்றன.

அந்த அறிக்கையில் இன்னொரு வாக்கியமும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். மாவின் அளவு கூடுவதற்காக எலும்பு சேர்க்கிறார்கள் என்பதுதானே குற்றச்சாட்டு? அப்படியானால் மாவு எதனால் பொங்குகிறது என்று சொல்லிவிட வேண்டும். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள் மாவைப் புளிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் வாயுவை உளுந்தின் பசை பிடித்து வைத்துக்கொள்கிறது. ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்த மாவு விடியும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பது இதனால்தான். இதைச் சொல்லிவிட்டால் எலும்புக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது. பொய்யை மறுத்தால் மட்டும் போதாது, அது உட்கார்ந்திருந்த இடத்தில் சரியான விளக்கத்தை உட்கார வைக்க வேண்டும் என்பது தவறான தகவல்களை ஆராயும் உளவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. ஸ்டீபன் லெவண்டோவ்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கையேடு இதற்கு ஒரு வரிசையையே தருகிறது: முதலில் உண்மை, பிறகு பொய்யை ஒரே ஒரு முறை, அது எங்கே தவறுகிறது என்ற விளக்கம், கடைசியில் மறுபடி உண்மை. வதந்தியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே சிவப்பில் ‘பொய்’ என்று முத்திரை குத்துகிறவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். முத்திரையை வெட்டிவிட்டு படத்தை மட்டும் அனுப்ப ஒரு நிமிஷம் ஆகாது.

‘இது நடக்கவே வழியில்லை’ என்று காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. 1993 ஜூனில் அமெரிக்காவின் டகோமா பகுதியில் டயட் பெப்சி டப்பாவுக்குள் ஊசி கிடந்ததாக முதல் புகார் வந்தது. சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலிருந்து அதேபோன்ற புகார்கள் குவிந்தன. பெப்சி தன் ஆலையைப் படம்பிடித்து தொலைக்காட்சி நிலையங்களுக்கு அனுப்பியது. காலி டப்பாக்கள் தலைகீழாகக் கவிழ்ந்து, கழுவப்பட்டு, நிமிர்ந்து, நிரம்பி, மூடிக்கொள்வதைப் பார்வையாளர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். நிமிர்ந்த டப்பா திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடிகூட இல்லை. அதற்குள் ஒருவர் ஊசியைப் போடுவது எப்படி? உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைவர் டேவிட் கெஸ்லரும் தொலைக்காட்சியில் வந்து பேசினார். பிறகு கொலராடோவில் ஒரு பெண் கடையிலேயே டப்பாவுக்குள் ஊசியைப் போடும் கேமராப் பதிவு வெளியானதும் பீதி அடங்கிப்போனது. பெப்சி ஒரு டப்பாவைக்கூடத் திரும்பப் பெறவில்லை.

இவை பெரிய நிறுவனங்களின் கதைகள். வீட்டின் பின்கட்டில் இட்லிப் பொடி தயாரித்து நாற்பது கடைகளுக்குப் போடுகிறவர் என்ன செய்வது? அவரைத் தேடி வருவது பெரும்பாலும் வதந்தியாக இருக்காது, புகாராக இருக்கும். பாக்கெட்டைப் பிரித்தால் வண்டு ஓடுகிறது என்று ஒருவர் எடுத்த வீடியோ ஊரெங்கும் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ‘பொய், அவதூறு’ என்று எழுதினால் கதை முடிந்தது. வண்டு இருந்திருக்கலாம். பாக்கெட்டை வெளியிலிருந்து துளைத்து உள்ளே போகும் பூச்சிகள் உண்டு. அரைக்கும் முன்பே தானியத்தில் இருந்து தப்பியதாகவும் இருக்கலாம். ஓட்டையின் விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கிறதா, வெளிப்பக்கமா என்று பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும். பார்க்கும்வரை தெரியாது. தெரியாது என்பதும் எழுத வேண்டிய தகவல்தான்.

அன்று மாலைக்குள் இப்படி எழுதலாம்:

“எங்கள் இட்லிப் பொடி பாக்கெட்டில் வண்டு இருப்பதாக ஒரு வீடியோ இன்று காலை முதல் பரவுகிறது. வீடியோவில் பேட்ச் எண் தெரியவில்லை. எடுத்தவரிடம் பாக்கெட்டைக் கேட்டிருக்கிறோம். அது எப்போது தயாரானது என்று தெரியும்வரை, கடைகளில் உள்ள இந்த மாதத் தயாரிப்பு எதையும் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒவ்வொரு பேட்சிலும் நாங்கள் எடுத்து வைக்கும் மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். வண்டு எப்படி வந்தது என்று இப்போது எங்களுக்குத் தெரியாது. நாளை மாலை 5 மணிக்கு இதே இடத்தில் மறுபடி எழுதுகிறோம். இந்த மாதம் வாங்கியவர்கள் பாக்கெட்டைக் கடையில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.”

இதில் ஒவ்வொரு வரியும் நடந்திருக்க வேண்டும். மாதிரி எடுத்து வைக்கும் பழக்கமே இல்லாதவர் அந்த வரியை எழுதக் கூடாது. ஒரு வரி பொய் என்று தெரிந்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். கீழே தேதி, நேரம், பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண், உணவு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகியவை வேண்டும். அறிக்கை படமாக மட்டும் போனால் தேடினால் கிடைக்காது. எழுத்தாகவும் ஓரிடத்தில் இருக்கட்டும். தேதி இல்லாத அறிக்கை ஆறு மாதம் கழித்து மறுபடி சுற்ற ஆரம்பித்து, அடங்கிய புகாரை எழுப்பிவிடும்.

வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலை இதில் சேர்க்கக் கூடாது. வேண்டுமென்றே பொய் கிளப்புகிறவர்மீது சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஐடி ஃப்ரெஷ் ஃபுட் நிறுவனமும் அப்படிப் புகார் கொடுத்தது. ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பொருளில் வண்டைப் பார்த்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவரை மிரட்டுவது அநியாயம். பார்க்கிறவர்களும் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.

எல்லாவற்றுக்கும் அறிக்கை தேவையுமில்லை. ஒரு தெருவின் குழுவில் இருபது பேர் பார்த்த செய்தி என்றால் அந்தக் குழுவிலேயே பதில் சொன்னால் போதும். ஊர் முழுக்க அறிவித்தால் கேள்விப்படாதவர்களும் கேள்விப்படுவார்கள். கடைக்காரர்கள் போன் செய்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டால் அது தெருவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கடைக்காரர்களுக்குத்தான் அறிக்கை முதலில் போய்ச்சேர வேண்டும். வாங்க வருகிறவர் “இதுல வண்டு இருக்காமே அண்ணாச்சி?” என்று கேட்பது மளிகைக்கடையில்தான். “இந்த மாசத்துச் சரக்கை விக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா. நாளைக்கு டெஸ்ட் வருதாம், வந்ததும் சொல்றேன்” என்று அண்ணாச்சி பதில் சொல்ல, அவர் போனில் அந்த எட்டு வரிகள் இருக்க வேண்டும். மறுநாள் 5 மணிக்குச் சோதனை முடிவு வரவில்லை என்றாலும், வரவில்லை என்று 5 மணிக்கே எழுதிப் போட வேண்டும்.