செக்கில் 100 கிலோ எள் போட்டால் எண்ணெய் 40 கிலோதான். மீதி விலை எங்கே போகிறது?

வீட்டில் ஒரு கிலோ கீரை வாங்கி ஆய்ந்தால் முக்கால் கிலோதான் தேறும். ஆனால் கொடுத்த காசு முழுவதும் அந்த முக்கால் கிலோவின் தலையில்தானே? செக்கிலும் அதே கதைதான்.

எள்ளும் ஆட்டுக்கூலியும் சேர்த்து 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் 40 கிலோ, புண்ணாக்கு 55 கிலோ கிடைக்கிறது. தூசியாகவும் ஈரமாகவும் 5 கிலோ போய்விடும்.

இருப்பேட்டில் 100 கிலோ எள் கழிந்து, எண்ணெயும் புண்ணாக்கும் வரவாகும். அந்த 5 கிலோ எங்கும் ஏறாது. அதன் செலவை எண்ணெயே சுமக்கும்.

புண்ணாக்கு கிலோ 40 ரூபாய் என்றால் 2,200. அதைக் கழித்தால் மிச்சம் 13,800. எண்ணெய் அடக்கம் கிலோ 345 ரூபாய். கழிக்க மறந்தால் 400! காலிச் சாக்கு விற்ற சில்லறையையும் இப்படியே கழிக்கலாம்.

சரி, டின் சாய்ந்து 4 கிலோ எண்ணெய் கொட்டினால்? இருப்பு 36 கிலோ. பலர் 13,800-ஐ 36-ஆல் வகுத்து, அடக்கம் 383 என்பார்கள். அது தவறு. கொட்டியது வழக்கமான சேதாரம் அல்ல. அதன் 1,380 ரூபாயைத் தனியே நட்டத்தில் எழுதுங்கள். அடக்கம் 345-தான்.