கார்ட்டிசால் மிகுந்தால் அது குஷிங் நோய்தானா?

முகம் வட்டமாக உப்பி, வயிறு பெருத்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறிய நிலையில் ஒருவர் பரிசோதனைக்கு வருகிறார். அவருடைய சிறுநீரில் கார்ட்டிசால் அளவு வரம்பைக் கடந்திருப்பதாக அறிக்கை கூறுகிறது. அறிக்கையைக் கண்ட குடும்பத்தார், தலைக்குள் கட்டி இருக்குமோ என்று அஞ்சுவது இயல்பே. ஆனால் இதே தோற்றமும் இதே அளவுகளும் எந்தக் கட்டியும் இல்லாதவரிடமும் காணப்படலாம். நாள்பட்ட மதுப்பழக்கம், கடுமையான மனச்சோர்வு, மிகையான உடற்பருமன் ஆகிய மூன்றும் இந்நிலைக்கு முக்கியக் காரணங்கள். இதனைப் பொய்க் குஷிங் நிலை என்கிறோம். உண்மையான நோயிலிருந்து இதை எவ்வாறு பிரித்தறிகிறோம் என்பதையும், அதற்குச் சில வாரக் காத்திருப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

சுரப்பியும் அதற்கு வரும் கட்டளையும்

கார்ட்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன். அவை தாமாகச் சுரப்பதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் வாயிலாக அட்ரினலைத் தூண்டுகிறது. இரத்தத்தில் கார்ட்டிசால் போதிய அளவை எட்டியதும் மேலிருந்து வரும் கட்டளை தானாகவே தணிந்துவிடும். இதற்கு ஒரு நாளொழுங்கும் உண்டு. விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும் கார்ட்டிசால், நள்ளிரவில் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது.

குஷிங் நோயில் பிட்யூட்டரியிலோ, அட்ரினலிலோ, அரிதாக நுரையீரல் போன்ற வேறிடத்திலோ உள்ள ஒரு கட்டி இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாமல் இயங்குகிறது. பொய்க் குஷிங் நிலையில் சுரப்பிகளில் பழுது இல்லை. மூளையிலிருந்து வரும் கட்டளைதான் அளவுக்கு மீறியிருக்கிறது. கட்டளைக்குரிய காரணம் நீங்கினால் சுரப்பும் தணியும். கட்டியோ அவ்வாறு தணியாது. பரிசோதனைகள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டையே வெவ்வேறு வழிகளில் தேடுகின்றன.

மது மூளையின் தூண்டலை அதிகரிக்கிறது. பழுதுற்ற கல்லீரல் கார்ட்டிசாலைச் சிதைத்து வெளியேற்றும் வேகமும் குறைகிறது. மனச்சோர்வில் ஹைப்போதலாமஸின் தூண்டல் ஓயாமல் தொடர்கிறது. உடற்பருமனில் கார்ட்டிசால் உற்பத்தி கூடினாலும், உடல் அதை விரைவாகச் சிதைத்துவிடுகிறது. ஆகவே பருமனானவர்களின் இரத்தத்தில் கார்ட்டிசால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிறுநீரில் மட்டும் சிறிதளவு உயரக்கூடும்.

தோலும் தசையும் கூறுவது

பருமன், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவை குஷிங் நோய் இல்லாத பல்லாயிரம் பேரிடமும் உள்ளவை. அவற்றை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. நாங்கள் தேடுவன வேறு. சிறு இடிக்கும் கன்றிப்போகும் மெல்லிய தோல், வயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஊதா நிறக் கோடுகள், தொடைத்தசை வலுவிழந்து கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத நிலை ஆகியவை உண்மையான நோயை நோக்கிச் சுட்டுகின்றன. பருமனால் மட்டும் உண்டாகும் கோடுகள் பெரும்பாலும் மெல்லியவை. வெளிர் நிறமோ இளஞ்சிவப்போ கொண்டவை. எனினும் நெடுநாள் மது அருந்துவோரிடம் தசைத்தளர்வும் கன்றிய தோலும் வேறு காரணங்களாலும் ஏற்படலாம். அதனாலேயே மது சார்ந்த பொய்க் குஷிங் நிலை மற்ற இரண்டையும்விட மிகுதியாக ஏமாற்றுகிறது.

முதல் மூன்று பரிசோதனைகள்

முதலாவது, 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் கார்ட்டிசாலை அளப்பது. காலையில் முதல் முறை கழிக்கும் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் அதே நேரம் வரையிலான சிறுநீர் முழுவதையும் சேகரிக்க வேண்டும். இதை இரண்டு முறையேனும் செய்கிறோம். பொய்க் குஷிங் நிலையில் இந்த அளவு உயர்ந்தாலும், இயல்பு வரம்பின் மூன்று மடங்கைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. அதைவிட மிகுதியாக இருப்பின் உண்மையான நோயின் சாத்தியம் வலுக்கிறது. ஆனால் தொடக்க நிலைக் குஷிங் நோயிலும் சிறிய உயர்வே காணப்படலாம். இடையிலுள்ள இந்தப் பகுதியில்தான் குழப்பம் நேர்கிறது.

இரண்டாவது, இரவு 11 மணியளவில் எடுக்கும் உமிழ்நீரில் கார்ட்டிசாலை அளப்பது. இரவில் இறங்க வேண்டிய அளவு இறங்குகிறதா என்பதை இது காட்டும். இதையும் இரண்டு இரவுகள் செய்ய வேண்டும். இரவுப் பணி செய்பவரின் நாளொழுங்கே மாறியிருக்கும் என்பதால் அவருக்கு இது பொருந்தாது.

மூன்றாவது, டெக்சாமெத்தசோன் அடக்கச் சோதனை. இரவு 11 முதல் 12 மணிக்குள் ஒரு மில்லிகிராம் மாத்திரையை விழுங்கி, மறுநாள் காலை 8 மணியளவில் இரத்தம் கொடுக்க வேண்டும். உடல் இயல்பாக இருந்தால், வெளியிலிருந்து வந்த மருந்தை உணர்ந்து பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். காலைக் கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழ் வரும். அவ்வாறு வராவிடில் அடக்கம் நிகழவில்லை என்கிறோம். கடும் மனச்சோர்விலும் இந்த அடக்கம் நிகழாமல் போவதுண்டு. ஒரு காலத்தில் இச்சோதனையை மனச்சோர்வைக் கண்டறியவே பயன்படுத்த முயன்றார்கள் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டு

பலரிடம் கண்டவற்றை இணைத்து அமைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 44, கணக்கர். பத்தாண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் ஏறத்தாழ 360 மில்லி மது அருந்துபவர். முகம் உப்பியிருந்தது. வயிறு பெருத்து, கைகால்கள் மெலிந்திருந்தன. இரத்த அழுத்தம் 160/100. சிறுநீர்க் கார்ட்டிசால் முதல் முறை 96, இரண்டாம் முறை 118 மைக்ரோகிராம்; அந்த ஆய்வகத்தின் உச்சவரம்பு 50. டெக்சாமெத்தசோனுக்குப் பின் காலைக் கார்ட்டிசால் 4.2. குடும்பத்தார் முன்னரே எடுத்துவந்த எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரியில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. "கட்டியை எப்போது எடுப்பீர்கள் டாக்டர்?" என்பதே அவருடைய மனைவி எழுப்பிய முதல் கேள்வி.

இங்கே அறுவை சிகிச்சைக்கு விரைந்தால் பெரும் தீங்கு நேரலாம். எந்தக் குறையும் இல்லாத பத்துப் பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஏறத்தாழ ஒருவரின் பிட்யூட்டரியில் இத்தகைய சிறு புள்ளி தெரியும். அதை அகற்றினால் கார்ட்டிசால் குறையாது. மாறாக, நலமாக இருந்த பிட்யூட்டரி பழுதுபட்டு வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் மாத்திரைகள் தேவைப்படலாம். ஆகவேதான் கார்ட்டிசால் மிகுதி உண்மையென்று இரத்தத்தாலும் சிறுநீராலும் உறுதியான பிறகே படத்தைக் கணக்கில் கொள்கிறோம்.

இவருக்குக் கல்லீரல் நொதிகளும் இரத்தச் சிவப்பணுக்களின் பருமனும் உயர்ந்திருந்தன. இரண்டும் நாள்பட்ட மதுவின் தடயங்கள். அவரை மருத்துவமனையில் சேர்த்து மதுவை நிறுத்தினோம். நெடுநாள் குடித்தவர் வீட்டில் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். ஆகையால் இது மருத்துவர் மேற்பார்வையிலேயே நிகழ வேண்டும். நிறுத்திய முதல் சில நாட்களில் உடலின் பதற்றத்தால் கார்ட்டிசால் உயர்ந்தே இருக்கும் என்பதால் அப்போது அளப்பதில் பயனில்லை. நான்கு வாரங்களுக்குப் பின் மீண்டும் அளந்தபோது சிறுநீர்க் கார்ட்டிசால் 38, 41 என வந்தது. டெக்சாமெத்தசோனுக்குப் பின் 1.2. முக வீக்கம் வடிய மேலும் சில மாதங்கள் ஆயின. எம்.ஆர்.ஐ. புள்ளி அப்படியே இருந்தது. ஓராண்டு கழித்து மறுபடம் எடுத்தாலே போதும் என்று முடிவு செய்தோம்.

அளவுகள் இறங்காமல் நின்றிருந்தால், அல்லது தோலின் கன்றலும் தசைத்தளர்வும் கூடியிருந்தால், உண்மையான குஷிங் நோயை நோக்கித் தேடலைத் தொடர்ந்திருப்போம். அதையும் தவறவிடலாகாது. சிகிச்சையின்றி விடப்பட்ட குஷிங் நோய் கடுந்தொற்றையும், இரத்தக்கட்டையும், எலும்பு முறிவையும் வருவிக்கும்.

காத்திருந்தும் தெளியாதபோது

மனச்சோர்வில் சிக்கல் இருமடங்காகிறது. குஷிங் நோயே மனச்சோர்வை உண்டாக்கக்கூடியது. எது காரணம், எது விளைவு என்று உடனே கூற இயலாது. தோலிலும் தசையிலும் மேற்கூறிய அடையாளங்கள் இல்லாவிடில், மனச்சோர்வுக்கு முறையான சிகிச்சை அளித்து, மனநிலை தெளிந்த பின் மறுபரிசோதனை செய்கிறோம். உடற்பருமனில் டெக்சாமெத்தசோன் சோதனை பெரும்பாலும் இயல்பாகவே வருவதால் ஐயம் விரைவில் தீர்ந்துவிடும்.

இன்னும் ஐயம் நீடித்தால் டெஸ்மோபிரெசின் சோதனை உதவுகிறது. இம்மருந்தை நரம்பில் 10 மைக்ரோகிராம் செலுத்தி, சிறு இடைவெளிகளில் ஏ.சி.டி.எச். அளவைப் பார்க்கிறோம். பிட்யூட்டரிக் கட்டி இதற்கு விழித்துக்கொண்டு ஏ.சி.டி.எச்.ஐப் பெருமளவு உயர்த்தும். நலமான பிட்யூட்டரி பெரும்பாலும் அசையாது. ஆயினும் இரு சாராரிலும் சிலர் விதிவிலக்காக நடந்துகொள்வதால், இந்த ஒரு விடையை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுவதில்லை. சில மாத இடைவெளியில் திரும்ப அளப்பது பல வேளைகளில் எந்தத் தனிச் சோதனையையும்விடத் தெளிவான விடையைத் தருகிறது.

பரிசோதனைக்கு முன் எங்களிடம் கூற வேண்டியவை

வலிப்புக்கான பெனிட்டாயின், கார்பமாசெப்பின், காசநோய்க்கான ரிபாம்பிசின் ஆகிய மருந்துகள் டெக்சாமெத்தசோனை விரைவில் சிதைத்து, நோய் இருப்பது போன்ற பொய் விடையைத் தரும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் இரத்தக் கார்ட்டிசாலை உயர்த்திக் காட்டும். இருமலுக்காக மெல்லும் அதிமதுரம் உமிழ்நீர், சிறுநீர் அளவுகளைக் குழப்பும். மூட்டுவலிக்கோ, ஆஸ்துமாவுக்கோ, தோல் நோய்க்கோ எடுத்த மாத்திரை, ஊசி, களிம்பு, பெயர் தெரியாத பொடி எதுவானாலும் கொண்டுவந்து காட்டுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே முகம் உப்புவதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் எம்மருந்தையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். குறிப்பாக ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மதுவின் அளவைக் கூறத் தயங்குபவர்களே பலர். அந்த அளவை மறைத்தால் மேற்கண்ட அறிக்கைகள் அனைத்தும் ஒரு கட்டியைச் சுட்டுவதாகவே தோன்றும். நோயாளி கூறத் தயங்கினால், உடன் வருபவர் தனியே எங்களிடம் கூறலாம். தேவையற்ற ஓர் அறுவை சிகிச்சையைத் தவிர்க்க அந்தச் செய்தி ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.