டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுதும்போது

டிஸ்சார்ஜ் சம்மரி அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்காக எழுதப்படுவது. வீட்டார் அதில் தேடுவதோ வேறு: என்ன ஆயிற்று, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது, எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. ஆகவே தமிழில் எழுதுபவர் பரிசோதனை எண்கள் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. மருந்துப் பட்டியலில் மட்டும் ஒரு புள்ளியும் விடக்கூடாது.

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புகிறவரின் சம்மரியை எடுத்துக்கொள்ளலாம். 'டிரோபோனின் பாசிட்டிவ்' என்று அதில் இருக்கும். அப்படியே விட்டால் நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் உண்டு. 'இதயத் தசை பாதிக்கப்பட்டதை இரத்தப் பரிசோதனை காட்டியது' என்று எழுதினால் குழப்பமில்லை.

இதைவிடச் சிக்கலானது 'ஈ.எஃப். 40%'. இதயம் நாற்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று எழுதிவிட்டால் வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதே அந்த எண். நல்ல இதயமும் நூறு சதவீதம் தள்ளுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரைதான். 40 என்பது குறைவுதான், ஆனால் ஒப்பிட வேண்டியது 100 உடன் அல்ல. இயல்பான அளவையும் பக்கத்தில் எழுதுவதே நேர்மை.

மருந்தின் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. அட்டையில் உள்ள ஆங்கில எழுத்திலேயே எழுதி, கீழே தமிழில் விவரம் தர வேண்டும். 'டிகாக்ரெலார் 90 மி.கி. 1-0-1' என்றால் காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. 'எச்.எஸ்.' என்றால் படுக்கப் போகும்போது. 'சார்பிட்ரேட் 5 மி.கி. எஸ்.ஓ.எஸ்.' என்பதைத் 'தேவைப்பட்டால்' என்று முடித்துவிடுவது போதாது. எது வந்தால், எங்கே வைத்து, எத்தனை முறை? நெஞ்சுவலி வந்தால், உட்கார்ந்தபடி, நாக்குக்கு அடியில் என்பதுதான் பொதுவான முறை. ஆனால் சம்மரியில் இல்லாததை எழுதுபவர் தானாகச் சேர்க்கக் கூடாது; வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுத வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளைப் பற்றியும் அப்போதே கேட்க வேண்டும். ஆஸ்பிரினே வேறு கம்பெனிப் பெயரில் அலமாரியில் இருந்தால், இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள்.

எழுதியது சரியா என்று பார்க்க, ஆங்கிலத் தாளைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, 'இன்று இரவு எந்தெந்த மாத்திரை?' என்று கேட்க வேண்டும். அவர் தடுமாறும் இடம்தான் திருத்த வேண்டிய இடம். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

தமிழ்த் தாள் வீட்டுக்கு மட்டுமே. மறுபரிசோதனைக்கும் அவசரத்துக்கும் கையெழுத்திட்ட ஆங்கிலத் தாளையே எடுத்துச் செல்லுங்கள்.